மடிப்பாக்கத்து மதியச் சாப்பாடு

வணக்கம். நாங்கள் நான்கு பெண்கள், ஒரே தெருவில் இருக்கிறோம். மடிப்பாக்கத்தில் வீட்டிலேயே சமைத்து, மதியச் சாப்பாட்டைக் கேரியரில் கட்டித் தருகிறோம்.

காய் தினமும் விடியற்காலையில் வாங்குகிறோம். ஒன்பது மணிக்கு உலை வைத்தால் பதினொன்றரைக்குள் கேரியர் கட்டியாக வேண்டும். சாம்பாரை மட்டும் கடைசியில்தான் இறக்குவோம்; கேரியரைத் திறக்கும்போது ஆவி பறக்கும். நேற்றைய குழம்பை இன்று சூடு பண்ணித் தரமாட்டோம். மீந்தால் எங்கள் வீட்டுக்கு.

மெனு இரண்டு வாரத்துக்கு ஒருமுறைதான் திரும்ப வரும். உதாரணத்துக்கு ஒரு வாரம்: திங்கள் முருங்கைக்காய் சாம்பார், உருளை வறுவல். செவ்வாய் வத்தக்குழம்பு, கூடவே பருப்புத் துவையல், சுட்ட அப்பளம். புதன் மோர்க்குழம்பு. வெள்ளியன்று வெங்காயம், பூண்டு கிடையாது. சனிக்கிழமை எலுமிச்சை சாதம், தயிர் சாதம். வாழைப்பூ மலிவாகக் கிடைத்தால் அன்று வடை உண்டு, முன்கூட்டிச் சொல்ல முடியாது.

ஒரு சாப்பாடு 120 ரூபாய். மாதச் சந்தா 26 நாளுக்கு 2,860, அதாவது ஒரு நாளைக்கு 110. ஞாயிறு விடுமுறை. ஊருக்குப் போகிறீர்களா? முந்தின நாள் இரவு எட்டு மணிக்குள் சொல்லிவிடுங்கள், அந்த நாள் சந்தாவின் கடைசியில் சேர்ந்துகொள்ளும். காலையில் சொன்னால் முடியாது, அரிசி ஊறியிருக்கும்.

கேரியரைக் கழுவி வைத்தால் போதும், மறுநாள் வரும் தம்பி எடுத்துக்கொள்வார். சரி, முதலில் ஒரு நாள் சாப்பிட்டுப் பாருங்கள். அப்புறம் சந்தா பேசலாம். நாளைக்கு எத்தனை பேருக்கு அனுப்பட்டும்?