பதவி உயர்வுக் கடிதம்: துணை மேலாளர், தரக் கட்டுப்பாடு

தனிப்பட்டது

நாள்: 18 மார்ச் 2025
கடித எண்: மவ/பஉ/2025/14

பெறுநர்
திருமதி கவிதா
ஷிப்ட் பொறுப்பாளர், தரக் கட்டுப்பாடு
பணியாளர் எண்: 2217

பொருள்: பதவி உயர்வு, புதிய கிரேடு, பொறுப்புகள், ரிப்போர்ட்டிங் மாற்றம்

அன்புள்ள கவிதா,

2025 ஏப்ரல் 1 முதல் உங்களைத் தரக் கட்டுப்பாட்டுத் துணை மேலாளராக நியமிக்கிறோம். எஸ்4 கிரேடிலிருந்து எம்1 கிரேடுக்கு உயர்கிறீர்கள். மனமார்ந்த வாழ்த்துகள்.

ஆண்டு மதிப்பீட்டில் உங்கள் மதிப்பெண் நன்றாகத்தான் இருந்தது. ஆனால் இந்த முடிவுக்கு அது மட்டும் காரணமில்லை. போன ஆண்டு ஓர் இரவு ஷிப்டில் 28 மி.மீ. மூடி லாட் ஒன்றில், உள் திரெட்டில் பிசிறு இருப்பதைக் கண்டு சிவப்பு அட்டை மாட்டினீர்கள். லாரி வாசலில் நிற்கிறது, பொறுக்கி எடுத்துவிட்டு மீதியை அனுப்பிவிடலாம் என்று பலரும் சொன்னார்கள். நீங்கள் மாதிரிகளை எடுத்துத் திருகு விசை பார்த்து, எண்களைத் தாளில் எழுதி வைத்துவிட்டுத்தான் பேசினீர்கள். யாரும் சத்தம் போடத் தேவையில்லாமல் அந்த லாட் நின்றது. இந்தப் பதவிக்கு எங்களுக்கு வேண்டியது அந்த நிதானம்தான்.

யாருக்கு ரிப்போர்ட் செய்வீர்கள்

இந்தக் கடிதத்தில் முக்கியமான மாற்றம் இது. அதனால் சம்பளத்துக்கு முன்பாகவே எழுதுகிறேன்.

இதுவரை நீங்கள் உற்பத்தி மேலாளருக்கு ரிப்போர்ட் செய்தீர்கள். ஏப்ரல் 1 முதல் தரப் பிரிவுத் தலைவருக்கு நேரடியாக ரிப்போர்ட் செய்வீர்கள். உங்கள் விடுப்பு, இலக்குகள், மதிப்பீடு, பயிற்சி எல்லாம் இனி அவர் கையில். தரப் பிரிவுத் தலைவர் என்னிடம் ரிப்போர்ட் செய்கிறார். உற்பத்தி மேலாளரும் அப்படியே. ஆக, இரண்டு பிரிவுகளுக்கும் கருத்து வேறுபாடு வந்தால் அது என் மேசைக்குத்தான் வரவேண்டும், உங்கள் மதிப்பீட்டுப் படிவத்துக்குள் போகக் கூடாது.

காரணம் எளிது. இன்றைக்கு எத்தனை பெட்டி வெளியே போனது என்பதை வைத்து அளக்கப்படுகிறவரிடமே, பெட்டியை நிறுத்தும் ஆளும் ரிப்போர்ட் செய்தால், நிறுத்துவது ஒவ்வொரு முறையும் கெஞ்சலாகத்தான் முடியும். இது தற்போதைய உற்பத்தி மேலாளரைப் பற்றிய குறை அல்ல. இந்த மாற்றத்தை முதலில் ஆதரித்தவரே அவர்தான்.

தினசரி வேலையில் உற்பத்தி மேலாளரோடு உங்கள் தொடர்பு குறையாது. காலைக் கூட்டம், அச்சு மாற்ற அட்டவணை, ஷிப்ட் ஒப்படைப்பு எல்லாம் இப்போது நடப்பதுபோலவே நடக்கும். 2024–25க்கான உங்கள் மதிப்பீட்டை மட்டும் அவரே எழுதி முடிப்பார். அந்த ஆண்டு உங்கள் வேலையைப் பார்த்தவர் அவர்.

பொறுப்பும் அதிகாரமும்

மூன்று ஷிப்ட் பொறுப்பாளர்களும், அவர்களின் கீழ் உள்ள பதினொரு ஆய்வாளர்களும், ஆய்வகத்தின் இரண்டு தொழில்நுட்பர்களும் உங்கள் அணி. மூலப்பொருள் வந்து இறங்குவதில் தொடங்கி, ஓடும் இயந்திரத்தின் பக்கத்துச் சோதனை, இறுதி ஆய்வு வரை உங்கள் எல்லை. அளவுக் கருவிகளின் அளவுத்திருத்த அட்டவணையும் உங்களுடையதே. இதுவரை பராமரிப்புப் பிரிவும் நீங்களுமாகப் பாதிப் பாதி பார்த்தீர்கள்; இனி தவணை தவறிய கருவி ஒன்று தளத்தில் இருந்தால் கேள்வி உங்களிடம்தான் வரும்.

வாடிக்கையாளர் புகாரில் முதல் பதிலை விற்பனைப் பிரிவு அனுப்பும். மூல காரணத்தைக் கண்டுபிடிப்பதும், திருத்த நடவடிக்கை எழுதுவதும், அது உண்மையில் பலித்ததா என்று பார்த்துப் புகாரை மூடுவதும் உங்கள் வேலை. ‘ஆய்வாளருக்கு மீண்டும் பயிற்சி அளிக்கப்பட்டது’ என்ற ஒரே வரியோடு முடியும் அறிக்கைகளை நிறையப் பார்த்துவிட்டோம். அது காரணம் ஆகாது, தயவுசெய்து ஏற்காதீர்கள்.

ஒரு லாட்டை நிறுத்திவைக்க உங்களுக்கு யாருடைய அனுமதியும் தேவையில்லை. விடுவிக்க உங்கள் கையெழுத்து வேண்டும். நீங்கள் நிறுத்தியதைத் தரப் பிரிவுத் தலைவர் மட்டுமே மாற்றலாம், அதுவும் காரணத்தை எழுதி. போனில் சொன்னார்கள் என்பது போதாது. நான் சொன்னாலும் சரி, எழுத்தில் வரும்வரை அட்டை அப்படியே இருக்கட்டும். வாடிக்கையாளரின் விலக்கு ஒப்புதலோடு அனுப்ப வேண்டிய லாட்டுகளுக்கு, அந்த ஒப்புதல் கோப்பில் சேர்ந்த பிறகே கையெழுத்திடுங்கள்.

சில விஷயங்கள் உங்கள் எல்லைக்குள் வராது. சப்ளையரைப் பட்டியலிலிருந்து நீக்குவது கொள்முதல் பிரிவின் முடிவு, நீங்கள் பரிந்துரைக்கலாம். அணியில் ஆள் எடுப்பதில் தேர்வு உங்களுடையது, ஒப்புதல் தரப் பிரிவுத் தலைவருடையது.

சம்பளமும் மற்ற விதிகளும்

உங்கள் அடிப்படைச் சம்பளம் 16 சதவீதம் உயர்கிறது. முழு விவரம் இத்துடன் உள்ள இணைப்பில் இருக்கிறது. எம் கிரேடில் மிகைநேர ஊதியம் கிடையாது. அதற்குப் பதிலாக ஆண்டு ஊக்கத்தொகைத் திட்டத்தில் சேர்கிறீர்கள். மிகைநேரம் நிறைய எடுத்த மாதங்களோடு ஒப்பிட்டால் கையில் வரும் தொகை முதலில் பெரிதாக உயர்ந்ததாகத் தெரியாது. இதை நீங்கள் முதல் சம்பளச் சீட்டில் கண்டுபிடிப்பதைவிட இப்போதே சொல்வது நல்லது. இணைப்பைப் பார்த்துவிட்டுச் சந்தேகம் இருந்தால் மனிதவளப் பிரிவில் உட்கார்ந்து பேசுங்கள்.

பணி விலகல் அறிவிப்புக் காலம் ஒரு மாதத்திலிருந்து இரண்டு மாதமாகிறது. விடுப்பு, மருத்துவக் காப்பீடு, பணிமூப்பு ஆகியவற்றில் மாற்றமில்லை. இது தகுதிகாண் பருவமும் அல்ல. செப்டம்பர் இறுதியில் தரப் பிரிவுத் தலைவர் உங்களோடு அமர்ந்து ஆறு மாத வேலையைப் பேசுவார், அவ்வளவுதான்.

மாறும் காலம்

உங்கள் ஷிப்ட் பொறுப்பை ஏற்கப்போகிறவரை மார்ச் 25க்குள் அறிவிப்போம். ஏப்ரல் மாதம் முழுவதும் நீங்கள் இருவரும் சேர்ந்து பார்த்து, 30ஆம் தேதியோடு ஒப்படைப்பை முடியுங்கள். திறந்திருக்கும் முரண்பாட்டு அறிக்கைகளின் பட்டியல் அதில் கட்டாயம் இருக்கட்டும். மே மாதத்திலிருந்து உங்களுக்குப் பொது ஷிப்ட். இருந்தாலும் வாரத்தில் ஒரு நாளாவது இரவு ஷிப்டின் தொடக்கத்தில் தளத்தில் இருங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். எங்கே தளர்கிறது என்பது பகலில் தெரியாது.

இன்னொன்று. மற்ற இரண்டு ஷிப்ட் பொறுப்பாளர்களும் நேற்றுவரை உங்களுக்குச் சமமானவர்கள்; ஒருவர் பணிமூப்பில் உங்களுக்கு முந்தியவர். இருவரிடமும் நானே நேரில் பேசிவிட்டேன். பொது அறிவிப்பு மார்ச் 24 அன்று பலகையில் வரும். அதுவரை இதை உங்களோடு வைத்துக்கொள்ளுங்கள். வீட்டில் சொல்லத் தடையில்லை.

இந்த நிபந்தனைகள் சம்மதமானால், நகலில் கையெழுத்திட்டு மார்ச் 22க்குள் மனிதவளப் பிரிவில் கொடுங்கள். ஏதாவது வரியில் மாற்றம் வேண்டுமென்றால் கையெழுத்துக்கு முன்பே என்னிடம் வாருங்கள்.

அன்புடன்,

பொது மேலாளர்
ஆலை நிர்வாகம்

நகல்: தரப் பிரிவுத் தலைவர், உற்பத்தி மேலாளர், மனிதவளப் பிரிவு, பணிக் கோப்பு
இணைப்பு: சம்பள விவரம், எம்1 கிரேடு விதிகள்

ஏற்பு: மேற்கண்ட பதவி, கிரேடு, பொறுப்புகள், ரிப்போர்ட்டிங் மாற்றம் ஆகியவற்றைப் படித்துப் புரிந்துகொண்டு 2025 ஏப்ரல் 1 முதல் ஏற்கிறேன்.

கவிதா, பணியாளர் எண் 2217