பல்பை எரிய வைப்போம்: ஐந்தாம் வகுப்புக்கு ஒரு மின்சுற்றுப் பாடம்

இன்று நமக்கு அடுத்தடுத்து இரண்டு பீரியட் இருக்கிறது. இரண்டிரண்டு பேராக உட்காருங்கள். ஒவ்வொரு ஜோடியின் தட்டிலும் டார்ச்சுக்குப் போடும் 1.5 வோல்ட் பேட்டரி இரண்டு, குட்டி டார்ச் பல்பு இரண்டு, இரு நுனியிலும் பிளாஸ்டிக் உரித்த ஒயர் மூன்று, கொஞ்சம் டேப் இருக்க வேண்டும். ஏதாவது குறைந்தால் இப்போதே கையைத் தூக்குங்கள்.

நோட்டில் புதுப் பக்கம் எடுத்து நடுவில் கோடு போடுங்கள். இடப்பக்கம் ‘என் கணிப்பு’, வலப்பக்கம் ‘நடந்தது’. முதலில் கணிப்பு, அப்புறம்தான் ஒயர். கணிப்பைப் பேனாவால் எழுதுங்கள். தவறிப்போனாலும் அடிக்க வேண்டாம். பல்பு எரிந்த பிறகு “எனக்கு முன்னாடியே தெரியும்” என்று எல்லோருக்கும் தோன்றும். எழுதி வைத்திருந்தால்தான் நாம் உண்மையில் என்ன நினைத்தோம் என்பது தெரியும். தப்பான கணிப்புக்கு மதிப்பெண் குறையாது.

தொடுவதற்கு முன்

நம் தட்டில் இருப்பது 1.5 வோல்ட். சுவரில் உள்ள பிளக்கில் வருவது 230 வோல்ட், அது ஆளையே கொன்றுவிடும். இன்று செய்யும் எதையும் சுவர் பிளக்கில் செய்து பார்க்கக் கூடாது. ஒயர், ஆணி, ஊக்கு எதையும் அதன் துளைக்குள் விடக் கூடாது. வீட்டுக்குப் போய்த் தம்பி தங்கைக்குக் காட்டும்போதும் இதைத்தான் முதலில் சொல்ல வேண்டும்.

நடுவில் பல்பு இல்லாமல் பேட்டரியின் இரண்டு முனைகளையும் ஒயரால் நேராகச் சேர்க்காதீர்கள். இதைத்தான் பெரியவர்கள் ஷார்ட் சர்க்யூட் என்பார்கள். ஒயரும் பேட்டரியும் சீக்கிரமே சூடாகி விரலைச் சுட்டுவிடும். லேசாகச் சூடு தெரிந்தாலும் ஒயரை எடுத்துவிட்டு என்னைக் கூப்பிடுங்கள்.

பேட்டரியைப் பிளக்கவோ குத்தவோ கூடாது. அதன் மேல் ஈரமோ வெள்ளைப் பொடியோ தெரிந்தால் தொடாமல் சொல்லுங்கள். ஒயரைப் பல்லால் கடித்து உரிக்காதீர்கள், உரித்துத் தருவது என் வேலை. பல்பு உடைந்தால் கண்ணாடித் துண்டைக் கையால் பொறுக்க வேண்டாம். செல்போன் பேட்டரி, பவர் பேங்க், வண்டி பேட்டரி எதுவும் இந்த விளையாட்டுக்கு ஆகாது. பொம்மைகளில் வரும் பட்டன் பேட்டரியைச் சின்னக் குழந்தைகள் விழுங்கினால் தொண்டையும் உணவுக்குழாயும் புண்ணாகிவிடும். வீட்டில் அப்படி நடந்துவிட்டால் காத்திருக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும் என்று அம்மா அப்பாவிடம் சொல்லி வையுங்கள்.

பல்பை உற்றுப் பாருங்கள்

எரியாத பல்பைக் கண்ணருகே கொண்டு வாருங்கள். கண்ணாடிக்குள் இரண்டு கம்பிக் கால்கள் தெரிகின்றனவா? அவற்றுக்கு நடுவே முடியைவிட மெல்லிய ஒரு சுருள் இருக்கும். அதன் பெயர் இழை, டங்ஸ்டன் என்ற உலோகத்தால் ஆனது. இரும்பு 1538 டிகிரி செல்சியஸில் உருகும். டங்ஸ்டன் உருக 3400 டிகிரிக்கு மேல் வேண்டும். அதனால்தான் வெள்ளையாகப் பழுக்கும் அளவு சூடேறியும் அது உருகாமல் வெளிச்சம் தருகிறது.

இப்போது பல்பைத் தலைகீழாகத் திருப்புங்கள். அடியில் ஈயம் வைத்த ஒரு சின்ன மேடு இருக்கிறது. அதைச் சுற்றி ஒரு வளையம், அது மின்சாரத்தைக் கடத்தாது. அதற்கு மேலே பக்கவாட்டில் உலோக உறை. இந்த மூன்றையும் நோட்டில் பெரிதாக வரையுங்கள். உள்ளே தெரிந்த இரண்டு கால்களும் கீழே எங்கெங்கே போய்ச் சேரும்? யோசித்துப் புள்ளி வையுங்கள்.

கணிப்பு 1: ஒரே ஒரு ஒயர்

ஒரு பேட்டரி, ஒரு பல்பு, ஒரே ஒரு ஒயர். வேறு எதுவும் இல்லை. பல்பு எரியுமா? எரியும் என்றால் எப்படி வைக்க வேண்டும் என்று படம் வரையுங்கள். வரைந்த பிறகு பத்து நிமிடம் செய்து பாருங்கள். அதுவரை கீழே படிக்க வேண்டாம்.

நிறையப் பேர் பேட்டரியின் + முனையிலிருந்து பல்பின் அடிக்கு ஒயரை இழுத்து வரைந்திருப்பீர்கள், குழாயில் தண்ணீர் வருவதுபோல மின்சாரம் வந்து சேர்ந்தால் போதும் என்று நினைத்து. அப்படி வைத்தால் எரியாது. பல்பின் அடி மேட்டைப் பேட்டரியின் + மேல் நேராக நிற்க வையுங்கள். ஒயரின் ஒரு நுனியைப் பேட்டரியின் அடியில் வைத்து, மறு நுனியைப் பல்பின் பக்கவாட்டு உறையில் தொடுங்கள். எரிகிறது!

ஆட்காட்டி விரலால் அந்தப் பாதையைத் தொடர்ந்து போங்கள்: பேட்டரி, அடி மேடு, ஒரு கால், இழை, மறு கால், உறை, ஒயர், மறுபடி பேட்டரி. கிளம்பிய இடத்துக்கே திரும்பி வருகிறது பாருங்கள், இதுதான் மின்சுற்று. எங்காவது ஓரிடத்தில் விட்டுப்போனாலும் மொத்தமும் நின்றுவிடும். இப்போது நீங்கள் வைத்த புள்ளிகளைச் சரிபாருங்கள்.

இன்னும் சில கணிப்புகள்

2. இரண்டு ஒயர்களையும் பல்பின் அடி மேட்டிலேயே தொட வைத்தால்? இதைக் கணிக்க மட்டும் செய்யுங்கள், செய்து பார்க்க வேண்டாம். இழை வழியாகப் பாதை போகிறதா என்று விரலால் பாருங்கள். மேலே சொன்ன எந்த ஆபத்து இது?

3. பேட்டரியைத் தலைகீழாகத் திருப்பினால் பல்பு எரியுமா?

4. இரண்டு பேட்டரிகளை + முனையும் − முனையும் தொடும்படி வரிசையாக வைத்தால் வெளிச்சம் எப்படி இருக்கும்? + முனையும் + முனையும் தொடும்படி வைத்தால்?

5. ஒரே சுற்றில் இரண்டு பல்புகளை அடுத்தடுத்து மாட்டினால், + முனைக்குப் பக்கத்தில் உள்ள பல்பு அதிகமாக எரியுமா? முதல் பல்பு மின்சாரத்தைத் தின்றுவிட்டு மிச்சத்தைத்தான் அடுத்ததற்குக் கொடுக்குமா?

ஐந்தாவதில்தான் வகுப்பு இரண்டாகப் பிரியும். பிரியட்டும். எதிர்க்கட்சிக்காரரிடம் காரணம் கேட்டு, அதையும் எழுதிக்கொள்ளுங்கள். செய்து பார்த்தால் இரண்டும் ஒரே அளவு மங்கலாக எரியும். ஒன்று கொஞ்சம் குறைவாகத் தெரிந்தால் பல்புகளை இடம் மாற்றுங்கள். மங்கல் பல்போடு கூடவே போகிறதா, இடத்தோடு நிற்கிறதா? மின்சாரம் வழியில் தீர்ந்துபோவதில்லை. சைக்கிள் செயினைப்போலச் சுற்று முழுவதும் ஒரே நேரத்தில் ஒரே அளவில் ஓடுகிறது.

மூன்றாவதற்கு விடை, எரியும். இந்த இழைக்குத் திசை பற்றிக் கவலை இல்லை. எல்.இ.டி. விளக்கு அப்படி அல்ல, திருப்பி மாட்டினால் எரியாது. நான்காவதை நீங்களே முடிவு செய்து எழுதுங்கள்.

இடைவெளியில் என்ன வைக்கலாம்?

சுற்றில் ஓரிடத்தைப் பிரித்து அந்த இடைவெளியில் சாவி, ரப்பர், ஒரு ரூபாய் நாணயம், நூல், ஸ்டீல் கரண்டி ஆகியவற்றை ஒவ்வொன்றாக வையுங்கள். ஐந்துக்கும் முதலிலேயே கணிப்பு எழுதிவிட வேண்டும். பென்சில் கரித் துண்டையும் வைக்கலாம். அதன் நீளத்தைப் பொறுத்துப் பல்பு மங்கலாக எரியும், எரியாமலும் போகும்.

ஒயர் நுனிகளைக் குழாய்த் தண்ணீரில் வைத்தால் பல்பு எரியாது. அதை வைத்து ‘தண்ணீர் மின்சாரத்தைக் கடத்தாது’ என்று எழுதிவிடாதீர்கள். கடத்துகிறது, ஆனால் இந்தப் பல்பு எரியும் அளவுக்கு இல்லை. 230 வோல்ட் வரும் இடத்தில் அந்தக் கொஞ்சமே உயிருக்கு ஆபத்து. ஈரக் கையால் சுவிட்சைத் தொடக் கூடாது என்று பாட்டி சொல்வது இதனால்தான்.

வீட்டில்

பேட்டரி மாற்றும் டார்ச் இருந்தால் பெரியவர் ஒருவரோடு உட்கார்ந்து அதைத் திறந்து பாருங்கள். சார்ஜ் போடும் டார்ச் வேண்டாம். உள்ளே ஒயரே இல்லாமல் இருக்கலாம். அப்படியானால் பாதை எது? சுருள் கம்பி, உலோகப் பட்டை, சுவிட்ச் எல்லாவற்றையும் விரலால் தொடர்ந்து போய், சுற்றைப் படமாக வரைந்து திங்கட்கிழமை கொண்டு வாருங்கள்.