இரண்டு வரி

மெயில் வந்த நேரம் அதிகாலை 2.47. மேலாளர் அதைத் திறந்தது ஆறு மணிக்கு. போனில் கட்டைவிரலால் தள்ளித் தள்ளிப் பார்த்தும் முடிவு வரவில்லை. லேப்டாப்பை எடுத்து வைத்துக்கொண்டு முதலிலிருந்து படித்தார்.

"மதிப்பிற்குரிய மேடம், மாதக் கணக்கை நேற்று மாலை 6 மணிக்குள் அனுப்ப முடியாமல் போனதற்கான காரணங்களைத் தங்கள் மேலான கவனத்திற்குக் கொண்டுவர விரும்புகிறேன்."

பதினான்கு பத்தி. மூன்றரை மணிக்கு லேப்டாப் தானாக அப்டேட் ஆகத் தொடங்கியது. நாற்பது நிமிடம் நீலத் திரை. அது முடிந்ததும் பாஸ்வேர்டு காலாவதி. புதிதாக வைத்ததும் நெட் போனது. நெட் வந்தபோது எக்செல் உறைந்தது, சேமிக்காத ஒரு மணி நேர வேலை போனது. நான்காம் பத்தியில் ஐந்தரைக்குப் போன நெட், எட்டாம் பத்தியில் நான்கரைக்கே போயிருந்தது. பிறகு தலைவலி, மாத்திரை, பக்கத்து வீட்டில் சுவரைத் துளைக்கும் சத்தம், போன வருடம் இதே மாதம் தாமதமே இல்லாமல் கொடுத்ததற்கான நினைவூட்டல்.

அவர் முதலில் எழுதியது: "நெட் எத்தனை மணிக்குப் போனது என்பதை உறுதிப்படுத்தவும்." எழுதியதைப் பார்த்தார். அழித்தார். ஒருவன் விடிய விடிய உட்கார்ந்து இவ்வளவு எழுதியிருக்கிறான் என்றால், தப்பித்துக்கொள்ள மட்டும் எழுதியிருக்க மாட்டான். அந்த நேரத்தில் தூங்கியிருக்கலாமே. மறுபடி படித்தார், இந்த முறை மெதுவாக.

பதினொன்றாம் பத்தியின் நடுவில், இரண்டு நீள வாக்கியங்களுக்கு இடையே நெரிசலில் சிக்கியது போல, ஒரு சின்ன வாக்கியம் இருந்தது.

"வவுச்சர் மொத்தத்துக்கும் லெட்ஜருக்கும் 2,700 இடிக்கிறது, நான்கு முறை பார்த்துவிட்டேன், எனக்குப் பிடிபடவில்லை."

அவ்வளவுதான். மற்ற பதின்மூன்று பத்தியும் இதற்குப் போர்த்திய போர்வை. தெரியவில்லை என்று சொல்ல வெட்கப்பட்ட பிள்ளை, அப்டேட்டையும் துளைக்கும் இயந்திரத்தையும் சாட்சிக்குக் கூப்பிட்டிருக்கிறது.

பதில் எழுதினார்:

"கணக்கு ஒரு நாள் காத்திருக்கும், நீங்க நல்லா தூங்கி எழுந்து மதியம் வாங்க.
அந்த 2,700-ஐ ரெண்டு பேரும் சேர்ந்து தேடுவோம்."

மதியம் வந்தான். கண் சிவந்திருந்தது. நாற்காலியில் உட்காராமலே தொடங்கினான். "மேடம், நேத்து அந்த அப்டேட்…"

"உட்காருங்க. 2,700-ஐ ஒன்பதால வகுத்துப் பாருங்க."

"முந்நூறு."

"மீதி இல்லாம வருதா? அப்போ பெரும்பாலும் பக்கத்துப் பக்கத்து இலக்கம் ரெண்டு இடம் மாறியிருக்கும். வித்தியாசம் ஆயிரத்துல இருக்கறதால, ஆயிரம், நூறு இடத்துல மூணு வித்தியாசம் உள்ள இலக்கமா பார்க்கலாம். ஒண்ணும் நாலும், ரெண்டும் அஞ்சும், நாலும் ஏழும். மொத்தத்தையும் கூட்ட வேண்டாம்."

அவன் முதுகு நிமிர்ந்தது. 212 வவுச்சர். அவர் வவுச்சரைப் படிக்க, அவன் திரையில் விரல் வைத்துக்கொண்டே வந்தான். அவன் போட்டவை எல்லாம் பென்சிலில் நான்கு டிக் வாங்கியிருந்தன. ஒவ்வொரு இரவுச் சுற்றுக்கும் ஒரு டிக். நான்காவது டிக் தாளைக் கிழிக்கும் அளவுக்கு அழுத்தமாக விழுந்திருந்தது. கட்டின் நடுவே ஒரு பத்தொன்பது வவுச்சரில் மட்டும் ஒரு டிக் கூட இல்லை.

"இது ஏன் பார்க்கலை?"

"அது… நான் ரெண்டு நாள் லீவுல இருந்தப்போ போட்டது மேடம். அதுல தப்பு இருக்காதுன்னு…"

"படிக்கறேன். பதினேழாயிரத்து நானூத்து இருபத்தஞ்சு."

அவன் விரல் திரையில் நின்றது. வெகுநேரம் விரலை எடுக்கவில்லை. அவர் எட்டிப் பார்த்தார். 14,725. அதே வரியின் கடைசிக் கட்டத்தில், பதிவு செய்தவர் என்ற தலைப்பின் கீழ், அவருடைய முதலெழுத்துகள்.

"இது நான் போட்டது," என்றார்.

அவன் அவசரமாக நிமிர்ந்தான். "இல்ல மேடம், அன்னைக்கு சிஸ்டம் ரொம்ப ஸ்லோவா இருந்திருக்கும். நான் வேற லீவு. போன் மேல போன் வந்திருக்கும். அந்த வவுச்சர்ல கையெழுத்தே சரியில்லை பாருங்க, நாலு ஏழு மாதிரிதான் தெரியுது. அதோட மாசக் கடைசி வேற…"

அவர் கையில் வவுச்சரை வைத்துக்கொண்டு, அவன் முடிக்கும் வரை கேட்டுக்கொண்டிருந்தார்.