திங்கட்கிழமை வரலாற்றுத் தேர்வு: தம்பிக்கு ஒரு வார அட்டவணை

தம்பி, தினமும் டியூஷன் முடிந்து ஒரு மணி நேரம்தான் கிடைக்கும். அதனால் பாடம் முழுவதையும் சமமாகப் பிரிக்கவில்லை.

திங்கள்: போர்த்துகீசியர், டச்சுக்காரர், டேனியர் மூவரும் ஒரே நாளில். வந்த ஆண்டு, முக்கிய இடம் போதும்.

செவ்வாய்: ஆங்கிலேயர் (கம்பெனி தொடங்கியது 1600), பிரெஞ்சுக்காரர் (கம்பெனி தொடங்கியது 1664).

புதன், வியாழன், வெள்ளி: கர்நாடகப் போர்கள், நாளுக்கு ஒன்று. பெரிய வினா இங்கிருந்துதான் வரும் என்று நினைக்கிறேன். ஒவ்வொன்றுக்கும் காரணம், போர்கள், உடன்படிக்கை என்று மூன்று கட்டம் போடு. முதல் போருக்கு 1748 ஐ-லா-சபேல், இரண்டாவதற்கு 1754 பாண்டிச்சேரி, மூன்றாவதற்கு 1763 பாரிஸ். மூன்றாவதில் நம் கடலூரே வருகிறது: 1758இல் பிரெஞ்சுத் தளபதி லாலி ஆங்கிலேயரின் புனித டேவிட் கோட்டையைப் பிடித்தார். 1760இல் வந்தவாசியில் தோற்றார். 1761இல் புதுச்சேரியும் போய்விட்டது. இந்த வரிசை பிடிபட்டால் விடை தானாக வரும்.

சனி: பிளாசி 1757, பக்சார் 1764. அப்புறம் தேவனாம்பட்டினம் போகலாம், கோட்டை இருந்த இடத்தைக் காட்டுகிறேன்.

ஞாயிறு: புதிதாக எதுவும் வேண்டாம். புத்தகத்தை மூடிவிட்டு மூன்று கட்டங்களையும் எழுது, நான் திருத்துகிறேன். ஒரு நாள் விட்டுப்போனால் செவ்வாய்ப் பகுதியைச் சுருக்கிக்கொள், போர்களில் கை வைக்காதே.