கறுமுறு கறுமுறு! யார் சாப்பிடுவது?

இன்று காலை நீ என்ன சாப்பிட்டாய்? புட்டா? இடியப்பமா? பாணும் பருப்புமா? சரி, வாயைத் துடைத்துக்கொண்டு வா. திருகோணமலையில் மற்றவர்கள் என்ன சாப்பிடுகிறார்கள் என்று எட்டிப் பார்க்கலாம்.

இரண்டு தரம் மெல்லும் மான்

பிரெட்ரிக் கோட்டைக்குள் போனால் மரநிழலில் புள்ளிமான்கள் படுத்திருக்கும். கோணேசர் கோயிலுக்குப் போகிற சனத்தைக் கண்டு அவை எழும்புவதுகூட இல்லை. காட்டு மான் என்றால் இந்நேரம் ஒரே பாய்ச்சல்தான்!

படுத்திருக்கும் மானின் வாயைப் பார். அசைகிறது. முன்னால் புல்லும் இல்லை, இலையும் இல்லை. அப்படியென்றால் எதை மெல்லுகிறது?

முன்பே தின்றதைத்தான்!

மானின் வயிற்றில் நான்கு அறைகள் உண்டு. புல்லைக் கண்டதும் அவசர அவசரமாக, அரைகுறையாக மென்று உள்ளே தள்ளிவிடும். அப்புறம் ஆறுதலாகப் படுத்து, அதை உருண்டை உருண்டையாக வாய்க்குத் திரும்ப எடுக்கும். கழுத்தையே பார்த்துக்கொண்டிரு. க்ளுக்! ஓர் உருண்டை மேலே ஏறுகிறது. மெல்லு, மெல்லு, மெல்லு. க்ளுக்! கீழே இறங்குகிறது. இதுதான் அசைபோடுதல். நீ செய்து பார்க்காதே, அம்மா ஏசுவா.

இன்னொரு வேடிக்கை. மானுக்கு மேல்வாயில் முன்பற்களே இல்லை! அங்கே தடித்த முரசுதான் இருக்கிறது. கீழ்ப்பற்களை அதில் அழுத்திப் புல்லைப் பிடுங்கும்.

கொம்பு ஆண் மானுக்கு மட்டும்தான். அது விழுந்துவிடும், பிறகு புதிதாக முளைக்கும். உன் பால்பல் ஒரு தரம்தான் விழும். மானின் கொம்போ திரும்பத் திரும்ப விழும்.

பழத்தோலோடு பொலித்தீன் பையையும் மான் விழுங்கிவிடும். அதை மெல்லவும் முடியாது, செரிக்கவும் முடியாது. வயிற்றுக்குள் அடைத்துக்கொண்டால் மான் செத்தே போகும். ஆகவே பை உன் கையிலேயே இருக்கட்டும், சரியா?

பால் கொடுக்கும் அப்பா

நிலாவெளிக் கரையிலிருந்து படகு ஏறினால் புறாத்தீவு. 2003ஆம் ஆண்டு அது தேசிய பூங்காவானது. பாறை இடுக்குகளில் மாடப்புறாக்கள் கூடு கட்டுகின்றன.

முட்டையிலிருந்து வந்த குஞ்சுக்கு முதல் சாப்பாடு என்ன தெரியுமா? பால்! பறவைக்கு ஏது பால் என்கிறாயா? மாட்டுப்பால் மாதிரி இல்லை. புறாவின் தொண்டைக்குக் கீழே தீனிப்பை ஒன்று இருக்கிறது. அதன் உட்சுவரில் கட்டியான, சத்தான பால் ஊறும். குஞ்சு தன் அலகைப் பெற்றோரின் வாய்க்குள் விட்டுக் குடிக்கும். அம்மாப் புறாவும் கொடுக்கும், அப்பாப் புறாவும் கொடுக்கும்!

மணல் போடும் மீன்

அதே தீவில் தண்ணீருக்குள் காதை வை. கறுக்! கறுக்! யாரோ கல் கடிக்கிறார்கள்.

கிளிமீன்தான். அதன் பற்கள் ஒன்றாக ஒட்டி, கிளியின் அலகு மாதிரியே இருக்கும். அதால் செத்த பவளப்பாறையைச் சுரண்டும். அதற்கு வேண்டியது பாறையில் ஒட்டியுள்ள பாசி போன்றவை. ஆனால் பாறைத்தூளும் சேர்ந்தே உள்ளே போகும். தொண்டைக்குள் இருக்கும் இன்னொரு வரிசைப் பற்கள் அதை மாவாக அரைக்கும். பாசி செரித்துவிடும். தூள்? பின்பக்கத்தால் வெள்ளை மணலாக வெளியே!

ஆமாம், அந்தக் கரையில் நீ கட்டிய மணல் வீட்டில் கொஞ்சம் மீன் கக்காவும் இருக்கலாம். (வீட்டை இடித்துவிடாதே, நன்றாகக் கழுவிய கக்காதான்.)

கரையில் குடுகுடுவென்று பக்கவாட்டில் ஓடுகிற நண்டு செத்த மீனைத் தின்னும். கிட்டப் போனால் குழிக்குள் மறைந்துவிடும். அதனால் நாமும் ஓடுவோம், ஆழ்கடலுக்கு.

பல்லே இல்லாத பெரியவர்

திருகோணமலைக்கு முன்னால் கடலடியில் மிக ஆழமான பள்ளத்தாக்கு இருக்கிறது. கரையிலிருந்து கொஞ்சத் தூரத்திலேயே கடல் கிடுகிடுவென ஆழமாகிவிடும். அதனால் நீலத் திமிங்கிலங்கள் இங்கே கரைக்குக் கிட்டவே வருகின்றன.

புஸ்ஸ்ஸ்! அவர் மூச்சு விடுகிறார். உலகத்தில் இதுவரை வாழ்ந்த விலங்குகளில் ஆகப் பெரியவர் இவர்தான். டைனோசரைவிடப் பாரமானவர்!

இவ்வளவு பெரிய ஆள் எதைச் சாப்பிடுவார்? சுறாவையா? படகையா? உன்னையா?

உன் விரல் அளவுகூட இல்லாத, இறால் போன்ற குட்டிச் சீவன்களை! தொண்டை சிறியது, உன்னை விழுங்கவே முடியாது. பல்லும் கிடையாது. மேல்வாயிலிருந்து நூற்றுக்கணக்கான தகடுகள் தொங்கும். உன் நகம் எதனால் ஆனதோ, அதனாலேயே ஆனவை. ஓரத்தில் மயிர் போன்ற இழைகள் இருக்கும். வாயை ஆவென்று திறந்து இறாலோடு கடலையும் மொண்டுகொள்வார். பிறகு நாக்கால் தள்ளுவார். தேத்தண்ணி வடியில் தேயிலை நிற்பது போல, தண்ணீர் வெளியே போக, இறால் உள்ளே நிற்கும். ஒரு நாளைக்குப் பல தொன் வேண்டும்!

இவ்வளவும் தின்றால் கக்கா இருக்காதா? இருக்கும், அதுவும் செம்மஞ்சள் நிறத்தில்! அதில் இரும்புச்சத்து நிறைய உண்டு. கண்ணுக்குத் தெரியாத கடற்பாசிகளுக்கு அதுதான் உரம். அந்தப் பாசியை இறால் தின்னும். அந்த இறாலைத் தின்பது யார்?

அவரேதான்!