ஊர்வல வீடியோ: யார் எங்கே நிற்கிறோம்

சனிக்கிழமை மாலை 5 மணிக்கு ஊர்வலம் கிளம்புகிறது. நாம் ஐந்து பேர், மூன்று கேமரா. 3:30க்கே வந்துவிடுங்கள், அப்புறம் தெருவுக்குள் வண்டியை விடமாட்டார்கள், ட்ரைபாடைத் தோளில் போட்டுக்கொண்டு நடக்க வேண்டியதுதான்.

ஊர்வலம் வடக்கே போகிறது, அதனால் மூன்று கேமராவும் அதற்கு இடப்பக்கம், அதாவது மேற்கு ஓரத்தில்தான். சூரியன் நம் முதுகுக்குப் பின்னால் இருக்கும், முகங்கள் தெளிவாக விழும். யாராவது எதிர்ப்பக்கம் போய் எடுத்தால் ஒரு ஷாட்டில் கூட்டம் போகிற மாதிரியும் அடுத்ததில் திரும்பி வருகிற மாதிரியும் இருக்கும். போன முறை எடிட்டிங்கில் நான் பட்ட பாடு போதும்.

முதல் கேமரா, தெரு திரும்பும் வளைவின் வெளிப்பக்கத்து வீட்டின் இரண்டாம் மாடி பால்கனியில். வீட்டுக்காரர் சரி என்றுவிட்டார், ஆனால் இரண்டு பேர்தான் வரலாமாம். இது நிறுத்தாமல் ஓடட்டும், மற்ற இரண்டும் சொதப்பினாலும் இதை வைத்து ஒப்பேற்றிவிடலாம். இரண்டாவது, வளைவுக்கு முன்னால் நடைபாதைத் திண்ணையில், வாத்தியக்காரர்களின் கைகளுக்கும் முகங்களுக்கும். மூன்றாவது கையில், ஊர்வலத்தோடு ஓரமாக நடந்து வரும். எல்லாரும் 25 ஃப்ரேம், ஷட்டர் 1/50. இருட்டிய பிறகு விளக்குகள் மினுங்கினாலும் ஷட்டரை ஏற்றாதீர்கள்.

மூன்றாவது கேமராக்காரர் பின்னோக்கி நடந்தபடி எடுக்கும்போது துணைக்கு வருபவரின் கை அவர் தோளில் இருக்க வேண்டும், துணைக்கு ஆள் இல்லையென்றால் அந்த ஷாட்டே வேண்டாம். வளைவு தாண்டியதும் தெரு குறுகுகிறது, அங்கே யாரும் நிற்கக் கூடாது, ஷாட் எவ்வளவு அழகாக இருந்தாலும் சரி. ஒரு சதுர மீட்டரில் நாலைந்து பேர் நெருக்கி நிற்பதாகத் தோன்றினால் உடனே வெளியே வந்துவிடுங்கள். தள்ளினால் எதிர்த்து நிற்காமல், தள்ளல் ஓய்கிற நேரத்தில் குறுக்காக ஓரத்துக்கு நகருங்கள், கீழே விழுந்த லென்ஸ் மூடியை எடுக்கக் குனியாதீர்கள். ட்ரோன் கிடையாது, கூட்டத்தின் தலைக்கு மேல் அதைப் பறக்கவிட எனக்குத் துணிச்சல் இல்லை. போன் கிடைக்காமல் போகலாம், 6:30க்கு எல்லாரும் பால்கனி வீட்டு வாசலில் கூடுவோம்.

பேட்டிகளை ஊர்வலம் ஓடும்போது எடுத்தால் மேளம்தான் பேசும். அதனால் 4 மணியிலிருந்து 4:45 வரை, வாத்தியக்காரர்கள் தோலை இழுத்துக் கட்டும் மரத்தடியில் இரண்டு பேர், அலங்கார வண்டிக்காரர் ஒருவர். மீதி, பக்கச் சந்துக்குள் ஐம்பது அடி தள்ளி, சட்டையில் குத்தும் மைக்கோடு. ஒவ்வொரு இடத்திலும் யாரும் பேசாமல் அரை நிமிடச் சத்தம் தனியாகப் பதிவு செய்யுங்கள். "எப்படி இருக்கிறது?" என்று கேட்டால் "ரொம்ப சந்தோஷம்" என்பார்கள், அதோடு முடிந்தது. "இந்த வண்டியில் உங்கள் கை பட்டது எது?" என்று கேளுங்கள். குழந்தைகள் என்றால் பெற்றவர் சம்மதித்து அருகிலேயே நிற்க வேண்டும். வாசலில் உட்கார்ந்து பார்க்கும் பாட்டிகளை விட்டுவிடாதீர்கள், அவர்கள்தான் கதை வைத்திருப்பார்கள்.

முடிந்ததும் கார்டுகள் அன்றிரவே என் கைக்கு வர வேண்டும், நகலெடுக்கும் வரை யாரும் எதையும் அழிக்காதீர்கள்.