மண்டபம் கடலோரத் தளம்: மண் ஆய்வுக்குத் துளையிடும் ஒப்பந்ததாரருக்கான வேலைக் குறிப்பு

வணக்கம். மீன் குளிர்பதனக் கிடங்கும் அதன் மேல்நிலைத் தொட்டியும் வரவிருக்கும் இடத்தில் ஐந்து போர் போட வேண்டும். வரைபடத்தைத் தனியாகத் தந்திருக்கிறோம். இந்தக் குறிப்பின் நகல் ஒன்று ரிக் ஆபரேட்டர் கையில் இருக்கட்டும். வடகிழக்குப் பருவமழை பிடிப்பதற்குள், செப்டம்பர் முடிவில் களவேலை முடிய வேண்டும்.

ஆழம்

தொட்டிக்குக் கீழே வரும் போர் 1, 2 இரண்டும் 25 மீட்டர். கிடங்குப் பக்கம் வரும் போர் 3, 4, 5 மூன்றும் 15 மீட்டர். துளை விட்டம் 150 மி.மீ.

இந்தக் கரையில் அடிக்கடி நடக்கும் தவறு ஒன்று உண்டு. மூன்று நான்கு மீட்டரில் சிப்பியும் சுண்ணாம்பும் சேர்ந்து இறுகிய மணற்கல் தட்டுப்படும். ஹாமர் எகிறும், "பாறை வந்துடுச்சு சார்" என்று ரிக்கைக் கழற்றிவிடுவார்கள். அது அரை மீட்டர் கனமுள்ள வெறும் ஓடாகவும் இருக்கலாம். அதற்கடியில் கையால் அள்ளும் அளவுக்குத் தளர்ந்த மணல் கிடக்கலாம். தொட்டியின் எடை அந்த ஓட்டை நம்பி நிற்க முடியாது. எனவே கடினம் தட்டினால் நிறுத்தாதீர்கள். இரட்டைக் குழாய் கோர் பேரலுக்கு மாறி, என்எக்ஸ் அளவில் ஊடுருவுங்கள். அடியில் மண் வந்தால் பழையபடி எஸ்பிடி தொடரட்டும். தொடர்ச்சியான பாறைதான் என்றால் அதற்குள் 5 மீட்டர் கோர் எடுத்த பிறகு எனக்கு போன் செய்யுங்கள். முடிக்கலாமா என்பதை நான் சொல்கிறேன். ஆழம் கூடினால் கூடுதல் மீட்டருக்கு ஒப்பந்த விலையிலேயே பில் போடலாம்.

எஸ்பிடி

ஐ.எஸ். 2131 படி, 1.5 மீட்டருக்கு ஒன்று. அடுக்கு மாறும் இடத்திலும் ஒன்று. ஹாமர் 63.5 கிலோ, விழும் உயரம் 75 செ.மீ. ராடில் சாக்பீஸால் 15 செ.மீ.க்கு ஒரு கோடாக மூன்று கோடு போட்டு, மூன்று பகுதிக்கும் அடி எண்ணிக்கையைத் தனித்தனியாக எழுதுங்கள். முதல் 15 செ.மீ. கணக்கில் சேராது, ஆனாலும் லாகில் இருக்க வேண்டும். ஒரு 15 செ.மீ.க்குள் 50 அடி ஆகிவிட்டால் நிறுத்தி, எத்தனை செ.மீ. இறங்கியது என்று குறியுங்கள். எந்தத் திருத்தமும் செய்யாத எண்ணே வேண்டும்.

இங்கே நிலத்தடி நீர் மேலேயே இருக்கிறது. துளைக்குள் நீர் வெளிமட்டத்தைவிடத் தாழ்ந்தால் அடியிலிருந்து மணல் பொங்கி ஏறும். அந்த மணல் மேல் அடித்த எஸ்பிடி பொய் சொல்லும். பெய்லரைச் சட்டென்று உருவாதீர்கள். துளை எப்போதும் நிரம்பியிருக்கட்டும். கேசிங் சோதனை ஆழத்தைத் தாண்டக் கூடாது. அடிக்கும் முன் ராடை இறக்கி அடியாழத்தை அளந்து பாருங்கள். மணல் ஏறியிருந்தால் சுத்தம் செய்துவிட்டு அடியுங்கள். பென்டோனைட்டை நல்ல தண்ணீரில்தான் கரைக்க வேண்டும். உப்புத் தண்ணீரில் அது திரிந்து அடியில் படிந்துவிடும், துளைச் சுவரைப் பிடிக்காது. டேங்கர் தண்ணீருக்கான செலவு உங்கள் விலையில் அடக்கம்.

மாதிரிகள்

களிமண் வந்தால் மெல்லிய சுவர்க் குழாயில், ஐ.எஸ். 2132 படி குலையாத மாதிரி எடுங்கள். குழாயை ஒரே சீராக அழுத்துங்கள், சம்மட்டி வேண்டாம். இரு முனையிலும் மெழுகு ஊற்றி, மேல் கீழ் குறித்து, நிழலில் நிமிர்த்தி வையுங்கள். களிமண் மென்மையாக இருந்தால் ஐ.எஸ். 4434 படி வேன் ஷியர் சோதனையும் செய்யுங்கள். துளை அடியிலிருந்து 75 செ.மீ. கீழே இறக்கி, வினாடிக்கு 0.1 டிகிரி வேகத்தில் திருப்ப வேண்டும். மண் உடைந்த பிறகு வேகமாகப் பத்துச் சுற்றுச் சுற்றி, மறுபடியும் அளவெடுங்கள்.

எஸ்பிடி மண்ணை இரட்டைப் பாலிதீன் பையில் போட்டு, போர் எண்ணும் ஆழமும் எழுதிய சீட்டை உள்ளே ஒன்றும் வெளியே ஒன்றுமாக வையுங்கள். கோர் துண்டுகளை வரிசை மாறாமல் மரப்பெட்டியில் அடுக்குங்கள். ஒரு ரன் 75 செ.மீ.க்கு மேல் போனால் இந்த மென்கல் நொறுங்கிப்போகும், அதைத் தாண்டாதீர்கள். கோர் கிடைத்த விழுக்காடும், 10 செ.மீ.க்குக் குறையாத துண்டுகளின் மொத்த நீளமும் அன்றைக்கே லாகில் ஏறட்டும். பெட்டியைப் படம் எடுத்து அனுப்புங்கள்.

போர் 2, போர் 5 இரண்டிலும் ஒரு லிட்டர் நீர் மாதிரி வேண்டும். நாமே ஊற்றிய தண்ணீரைப் பரிசோதித்துப் பயனில்லை. வேலை முடிந்ததும் துளை நீரை மூன்று மடங்கு இறைத்துவிட்டு, ஊறி வருவதை எடுங்கள். குளோரைடும் சல்பேட்டும்தான் கான்கிரீட்டையும் கம்பியையும் தீர்மானிக்கும். நீர்மட்டத்தை 24 மணி நேரம் கழித்து அளந்து, அளந்த நேரத்தையும் குறியுங்கள். கடல் ஏறி இறங்கும்போது அதுவும் சற்று மாறும்.

துளையை மூடுவது

இந்த ஊர்களில் மணலில் தோண்டிய ஊற்றுதான் பலருக்குக் குடிநீர். உப்பு நீருக்கு மேலே மெல்லிய அடுக்காக அந்த நல்ல நீர் நிற்கிறது. நம் துளை இரண்டையும் இணைத்துவிடக் கூடாது. அதனால் கேசிங்கை உருவிக்கொண்டே, அடியிலிருந்து மேல்வரை சிமென்ட்-பென்டோனைட் கரைசலால் அடைக்க வேண்டும். அடைத்த படம் இல்லாத துளைக்கு பில் எழுத மாட்டேன்.